இளைப்பாறுவோர் பெறும் மூவகைப் பணம்

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறும் ஒருவர் தம் கந்தோரை விட்டு வெளியேறும் நாளில் மாலையும் பிரியாவிடை மடலும் பெறுகின்றார். பணம் அன்று கிடைப்பதில்லை. அது எப்பொழுது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும், யாரிடமிருந்து கிடைக்கும் என்னும் மூன்று வினாக்களுக்கும் தெளிந்த விடை அறியாமலே பெரும்பாலோர் வீடு திரும்புகின்றனர். நம் பழைய மாணவருள் அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறுவோர்க்கு இளைப்பாற்றுச் சம்பள விதிகள் உள. அவர்தம் கணக்கு வேறு. அதனை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. கம்பனிகளிலும் வியாபார நிலையங்களிலும் தனியார் கந்தோர்களிலும் பணி செய்தோரையே நாம் கருதுகின்றோம். அவர்க்கு மாதந்தோறும் வரும் இளைப்பாற்றுச் சம்பளம் பெரும்பாலும் இல்லை. லீவுச் சம்பளம், பணிக்கொடை, ஊழியர் சேமலாப நிதி ஆகிய மூன்றுமே அவர்தம் முதுமைக்குரிய முதல். ஆதலின் இம்மூன்றின் கணக்கையும் காலத்தையும் சற்று விரிவாக ஆராய்தல் தகும்.

முதற்கண் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். இம்மூன்று பணமும் ஒரே பெட்டியிலிருந்து வருவன அல்ல. லீவுச் சம்பளம் கம்பனியின் சம்பளப் பகுதியிலிருந்து, மாதச் சம்பளத்தோடு சம்பளமாக வருவது. பணிக்கொடை கம்பனியின் சொந்தப் பணத்திலிருந்து வருவது. சேமலாப நிதியோ கம்பனியின் கையில் இல்லாதது. அது பல்லாண்டுகளாக மத்திய வங்கியிற் சேர்ந்து கிடப்பது. பணம் எங்கே கிடக்கின்றது என்பதை அறிந்தாலே அது ஏன் தாமதிக்கின்றது என்பது விளங்கிவிடும். லீவுச் சம்பளம் தாமதிப்பது லீவுப் பதிவேடு சரியாக எழுதப்படாமையால். பணிக்கொடை தாமதிப்பது கம்பனியிற் காசு இல்லாமையால், அன்றேல் மனம் இல்லாமையால். சேமலாப நிதி தாமதிப்பது பெயரும் இலக்கமும் ஒன்றோடொன்று பொருந்தாமையால். நோய் வேறாதலின் மருந்தும் வேறு. மூன்றுக்கும் ஒருவரையே குறை கூறித் திரிவோர் மூன்றையும் பிந்திப் பெறுவர்.

விளக்கத்தின்பொருட்டு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் யாழ்ப்பாணத்தவர், கொழும்பிலே நூறு பேருக்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒரு கம்பனியிற் கணக்குப் பகுதி இலிகிதராய் 1998 யூன் முதலாந் தேதி சேர்ந்து, 2024 ஓகத்து 31ஆந் தேதி தமது அறுபதாவது வயதில் இளைப்பாறினார் என்க. சேவைக்காலம் 26 ஆண்டும் 3 மாதமும். கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளம் மாதம் 84,000 ரூபா. வாழ்க்கைச் செலவுப் படி 6,000 ரூபா. இவற்றைவிடப் போக்குவரத்துக்கென 12,000 ரூபாவும், மேலதிக நேர வேலைக்கு மாதத்துக்கு மாதம் வேறுபடும் ஒரு தொகையும் பெற்று வந்தார். அவரைக் கணக்கர் என்றே அழைப்போம்.

லீவுச் சம்பளம் மூன்றனுள்ளும் சிறியது. ஆதலின் அதனை விரைவிற் கூறி முடிப்போம். 1954ஆம் ஆண்டின் கடை, கந்தோர் ஊழியர் சட்டத்தின்படி ஓராண்டு முழுமையாகப் பணி செய்தவர் அடுத்த ஆண்டில் 14 நாள் வருடாந்த லீவு பெறுவர். இதனை விடத் தற்செயல் லீவு 7 நாள் உண்டு. ஆனால் எடுக்காமல் விட்ட தற்செயல் லீவைப் பணமாக்கித் தருக எனக் கேட்டல் வழக்கமன்று. வருடாந்த லீவுதான் கணக்கிற்கு வருவது. அதுவும் எல்லா ஆண்டுகளுக்கும் உரியதன்று. இருபத்தாறு ஆண்டுகளாக எடுக்காமல் விட்ட லீவெல்லாம் மலை போற் குவிந்து கிடக்கின்றது என எண்ணுவோர் சிலர் உளர். நியமனக் கடிதத்திலோ, கம்பனியின் விதிகளிலோ, தொழிற்சங்கத்தோடு செய்த உடன்படிக்கையிலோ லீவைச் சேர்த்துவைக்கலாம் என எழுதப்பட்டிருந்தாலன்றிப் பழைய ஆண்டுகளின் லீவு கழிந்ததாகவே கொள்ளப்படும். ஆகவே இளைப்பாறுமுன் அந்த மூன்று ஏடுகளையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

நம் கணக்கர்க்கு 2024ஆம் ஆண்டில் உரிய 14 நாளில் 5 நாளை எடுத்துவிட்டார். எஞ்சியது 9 நாள். இந்த ஒன்பது நாளுக்கு எவ்வளவு? இங்கேதான் ஒரு நுண்மை உண்டு. மாதச் சம்பளத்தை எந்த எண்ணாற் பிரித்து ஒரு நாட் சம்பளம் காண்பது என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். 90,000 ரூபாவை முப்பதாற் பிரித்தால் நாளொன்றுக்கு 3,000. ஒன்பது நாளுக்கு 27,000 ரூபா. இருபத்தாறாற் பிரித்தால் ஒன்பது நாளுக்கு 31,150 ரூபாவுக்குச் சற்று மேல் வரும். லீவு நாள் என்பது வேலை நாள். ஞாயிற்றுக்கிழமையை எவரும் லீவாக எடுப்பதில்லை. அங்ஙனமாகவும் ஞாயிறையும் சேர்த்து முப்பதாற் பிரித்தல் முறையா என்று கேட்டல் தவறன்று. அதுபோலவே 2024ஆம் ஆண்டில் வேலை செய்த எட்டு மாதத்துக்குரிய லீவும் கணக்கிற் சேர்க்கப்பட்டதா என வினவுதல் வேண்டும். சில கந்தோர்களில் முன்னைய ஆண்டின் லீவை மட்டும் எண்ணி, நடப்பாண்டினதை வாளாவிடுவர்.

காலத்தைப் பொறுத்தவரை லீவுச் சம்பளம் கடைசி மாதச் சம்பளத்தோடு, அன்றி அதற்கடுத்த சம்பள நாளில் வருவது இயல்பு. ஒரு மாதத்துக்கு மேற் சென்றால் லீவுப் பதிவேட்டில் ஏதோ சிக்கல் என அறிந்துகொள்ளலாம். அதனைத் தடுக்கும் வழி மிக எளிது. இளைப்பாறுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னரே தம் லீவு மீதியை எழுத்தில் கேட்டு, பொறுப்பாளரின் கையொப்பத்துடன் பெற்று வைத்துக்கொள்ளல் வேண்டும். இளைப்பாறிய பின்னர்ப் பழைய விண்ணப்பத் தாள்களைத் தேடச் சொன்னால் எவரும் தேடார். சிலர், பணமாகப் பெறுவதைக் காட்டிலும் கடைசி மாதத்திலேயே லீவை எடுத்துவிடுதல் நன்று என்பர். அதுவும் நல்ல யோசனையே. ஆயின் அம்மாதத்திலேயே மற்றைப் படிவங்களுக்குக் கையொப்பம் பெற வேண்டியிருக்கும் என்பதை மறத்தலாகாது.

இனிப் பணிக்கொடையை நோக்குவோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடை கொடுப்பனவுச் சட்டம் இதனை ஆள்வது. அதன் சாரம் சில வாக்கியங்களில் அடங்கும். வேலை முடிவதற்கு முன்னைய பன்னிரண்டு மாதத்துள் எந்த ஒரு நாளிலாவது பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்த இடமாயின், ஐந்தாண்டுக்குக் குறையாத சேவை நிறைந்தவர்க்குத் தொழில்கொள்வோர் பணிக்கொடை கொடுத்தே ஆதல் வேண்டும். மாதச் சம்பளம் பெறுவோர்க்கு நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம். ஏனையோர்க்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம். இரண்டும் கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்திலேயே கணிக்கப்படும். வேலை முடிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பணம் கொடுபட வேண்டும்.

சம்பளம் என்னுஞ் சொல்லிலேதான் பெரும்பாலான வழக்குகள் பிறக்கின்றன. சட்டம் கூறும் சம்பளம் அடிப்படைச் சம்பளமும், வாழ்க்கைச் செலவுப் படியும் அதனை ஒத்த பிற படிகளும், துண்டு வேலைக்குரிய கூலியுமாம். மேலதிக நேரச் சம்பளம் அதில் அடங்காது. நம் கணக்கரின் போக்குவரத்துப் பணமும் வாழ்க்கைச் செலவுப் படியை ஒத்ததன்று. எனவே அவர்க்குரிய சம்பளம் 84,000உம் 6,000உம் சேர்ந்த 90,000 ரூபா. அதன் பாதி 45,000. நிறைவான ஆண்டுகள் 26. ஆக 1,170,000 ரூபா அவர்தம் பணிக்கொடை. எஞ்சிய மூன்று மாதம் கணக்கிற் சேராது.

கம்பனியின் இலிகிதர் ஒருவர் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்துக் கணித்தார் என வைத்துக்கொள்வோம். 42,000ஐ 26ஆற் பெருக்க 1,092,000 ரூபாவே வரும். வேறுபாடு 78,000 ரூபா. மாதத்தில் 6,000 ரூபாவாகத் தோன்றிய சிறு படி, இருபத்தாறு ஆண்டுக்கும் பரந்து ஒரு பெருந் தொகையாய்விடுகின்றது. இவ்வாறு குறைத்துக் கணிப்பது எப்பொழுதும் வஞ்சகத்தால் நிகழ்வதன்று. சம்பளத் தாளில் முதல் வரியை மட்டும் நோக்கும் பழக்கத்தாலும் நிகழும். ஆகவே மொத்தத் தொகையை மட்டும் பெற்றுக்கொள்ளாமல், அது எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டல் வேண்டும். எந்தச் சம்பளம், எத்தனை ஆண்டு என்னும் இரண்டு எண்களும் அதில் இருந்தாற் போதும். பிழை இருப்பின் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆண்டின் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்றோ, முதலிரண்டு ஆண்டு தற்காலிக நியமனம் என்றோ கூறி அவற்றைக் கழிப்போர் உளர். இடையறாது அதே தொழில்கொள்வோரிடம் செய்த சேவையாயின் அவையும் சேவையே. முதன்முதற் சேர்ந்த நாளைக் காட்டும் நியமனக் கடிதம் இதற்குச் சான்று. அது தொலைந்திருப்பின், சேமலாப நிதிக்கு முதன்முதற் பணம் கட்டப்பட்ட மாதமே சான்றாய் உதவும். இன்னொன்று: கடைசி மாதத்தில் சம்பளமில்லா லீவு எடுத்தமையாற் கையிற் பெற்ற தொகை குறைந்திருப்பினும், கணிக்க வேண்டியது சம்பள வீதத்தையேயன்றிக் கையிற் பெற்ற தொகையை அன்று.

இப்பொழுது காலத்துக்கு வருவோம். சட்டம் முப்பது நாள் என்கின்றது. நம் கணக்கர்க்கு 2024 செத்தெம்பர் 30ஆந் தேதியுடன் அந்தக் கெடு முடிகின்றது. ஒழுங்கான பெருங் கம்பனிகள் இக்கெடுவைத் தவறுவதில்லை. தவறுவோர் ஏன் தவறுகின்றனர்? பணிக்கொடைக்கெனத் தனியே ஒரு நிதி வைத்தல் வேண்டும் எனச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கம்பனியின் ஐந்தொகையில் பணிக்கொடைக்கென ஒரு பெருந் தொகை ஒதுக்கப்பட்டதாக எழுதப்பட்டிருக்கும். ஆயின் அது ஏட்டிலுள்ள எண்ணேயன்றிப் பெட்டியிலுள்ள பணமன்று. ஓராண்டில் ஐந்தாறு பழைய ஊழியர் ஒருங்கே இளைப்பாறும்போது, வியாபாரமும் மந்தமாயிருப்பின், முதலாளி கையைப் பிசைகின்றார். அப்பொழுதுதான் “தவணை தவணையாகத் தருகின்றோம்” என்னும் பேச்சு எழுகின்றது.

தாமதிப்பவர்க்குச் சட்டம் விதிக்கும் தண்டம் இலேசானதன்று. கெடு கடந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்தாற் பணிக்கொடையில் 10 சதவீதம் மேலதிகமாகக் கொடுத்தல் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் மூன்று மாதம் வரை 15 சதவீதம். ஆறு மாதம் வரை 20. பன்னிரண்டு மாதம் வரை 25. அதற்கு மேல் 30 சதவீதம். நம் கணக்கர்க்குப் பணம் நவெம்பர் 20ஆந் தேதி கிடைத்தது என்க. கெடு கடந்து ஐம்பத்தொரு நாள். ஆகவே 15 சதவீதம், அதாவது 175,500 ரூபா மேலதிகமாய் உரியது. மொத்தம் 1,345,500 ரூபா. இந்த மேலதிகத் தொகையைத் தாமாகக் கொடுக்கும் கம்பனி அரிது. கேட்பவர்க்கே அது கிடைக்கும். கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. கெடு முடிந்த மறுநாளே, தொகையையும் கெடுவையும் குறிப்பிட்டுப் பணிவான ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புதல் வேண்டும். பெரும்பாலும் அக்கடிதமே காரியத்தை முடித்துவிடும். முடியாவிடின் தொழிற் திணைக்களத்தின் பிரதேசக் கந்தோரில் முறைப்பாடு செய்யலாம். விசாரணையின் பின் ஆணையாளர் தொகையை நிர்ணயிப்பார். அப்பொழுதும் கொடாவிடின் நீதவான் நீதிமன்றுக்குச் சான்றிதழ் அனுப்பி, தண்டப்பணம் அறவிடுவது போல அறவிட வழியுண்டு. விசாரணை எனின் மாதங்கள் செல்லும். நீதிமன்று எனின் ஓராண்டைக் கடப்பதும் வியப்பன்று. இதனை மறைப்பதிற் பயனில்லை.

தவணையாகப் பெறுவதா என்னும் வினாவுக்கு எமது கருத்து இது. முதலாளி நல்லவர், கம்பனிக்கு உண்மையிலே காசு முடை எனின், தவணையை ஏற்பதிற் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு தவணையையும் “ஒரு பகுதி பெற்றேன்” என்றே ஒப்பமிட்டுப் பெறுதல் வேண்டும். “எனக்குரிய அனைத்தும் பெற்றுவிட்டேன், இனிக் கோரிக்கை எதுவும் இல்லை” என்னும் கடிதத்திற் பணம் கைக்கு வருமுன் ஒப்பமிடுவது, கிணற்றில் இறங்கும்போதே கயிற்றை அறுத்துவிடுவதற்கு ஒப்பாகும். பிரியாவிடை நாளிலே, படிவங்களுக்கிடையில் அத்தகைய கடிதம் ஒன்றும் செருகப்பட்டிருக்கும். கூச்சத்தால் வாசியாமலே ஒப்பமிடுவோர் பலர்.

பணிக்கொடை மறுக்கப்படக்கூடிய சந்தர்ப்பமும் உண்டு. மோசடி, பணக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைத்தல் முதலிய காரணங்களால் வேலை நீக்கப்பட்டவர், விளைந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை இழப்பர். இது ஒழுங்காக இளைப்பாறுவோரைத் தீண்டாது. பதினைந்து பேருக்குக் குறைந்த சிறு கடைகளில் வேலை செய்தோர் இச்சட்டத்தின் கீழ் வாரார். எனினும் அவர் வெறுங்கையோடு போக வேண்டும் என்பதில்லை. தொழில் நியாய சபைக்கு விண்ணப்பித்துப் பணிக்கொடை கோரலாம். அங்கே தொகை வாய்பாட்டின்படி வருவதன்று. சபை நியாயமெனக் காண்பதே தொகை. ஆயின் வேலை முடிந்த ஆறு மாதத்துள் விண்ணப்பம் சென்றாக வேண்டும். “பார்ப்போம், தருவார்” என்று ஏழாம் மாதம் வரை காத்திருந்தவர்க்குக் கதவு மூடிவிடும்.

மூன்றாவது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டில், ரி. பி. இலங்கரத்தின அவர்கள் தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 15ஆம் இலக்கச் சட்டத்தால் இது நிறுவப்பட்டது. ஊழியர் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படுகின்றது. தொழில்கொள்வோர் 12 சதவீதம் சேர்க்கின்றார். நிதியின் பொது ஆட்சி தொழில் ஆணையாளரிடம். பணமும் கணக்கும் மத்திய வங்கியிடம். இந்த இருதலை ஆட்சியே, விண்ணப்பம் ஒரு கந்தோரிலிருந்து மற்றொரு கந்தோருக்குச் செல்லும் காலதாமதத்துக்கு ஒரு காரணம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் இளைப்பாறித் தம் முழு மீதியையும் பெறலாம்.

நம் கணக்கர்க்காகக் கடைசி மாதத்தில் 90,000 ரூபாவுக்கு 20 சதவீதமாகிய 18,000 ரூபா கட்டப்பட வேண்டும். அவரது பங்கு 7,200, கம்பனியின் பங்கு 10,800. இதனைக் கட்டும் கெடு அடுத்த மாதத்தின் இறுதி வேலை நாள். அதாவது ஓகத்து மாதப் பணம் செத்தெம்பர் முடிவிலேதான் மத்திய வங்கியைச் சென்றடையும்; அது அவர் பெயரிற் பதிவாவதற்கு மேலும் சில வாரம் செல்லும். செத்தெம்பர் முதல் வாரத்திலேயே ஓடிச்சென்று விண்ணப்பித்தவர்க்குக் கடைசி மாதப் பணம் சேராத மீதியே கிடைக்கும். பிந்திச் சேர்ந்ததைப் பெற இன்னொரு முறை அலைய வேண்டிவரும். ஆகவே ஒக்தோபர் மாதத்தில் விண்ணப்பிப்பதே விவேகம். தாமதிப்பதால் நட்டமும் இல்லை. பணம் எடுக்கப்படும்வரை நிதியிலிருந்து வட்டி பெற்றுக்கொண்டேயிருக்கும்.

விண்ணப்பிப்பது ‘கே’ படிவத்தில். அதனோடு தேசிய அடையாள அட்டை, அங்கத்தவர் இலக்கத்தைக் காட்டும் ‘பி’ அட்டை, சேவை முடிந்தமைக்கான கம்பனியின் கடிதம், தம் பெயரிலுள்ள வங்கிக் கணக்கின் விபரம் ஆகியன வேண்டும். கொழும்பிற் பணி செய்து ஊர் திரும்பிய நம் கணக்கர் யாழ்ப்பாணத்திலுள்ள தொழிற் கந்தோரிலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். ஆனால் கம்பனியின் அத்தாட்சியை அவர் ஊர் திரும்புமுன் பெற்றிருத்தல் வேண்டும். ஒரு கையொப்பத்துக்காகத் திரும்பவும் கொழும்புக்கு இரவு வண்டி ஏறுவோர் பலரை நாம் அறிவோம்.

இனி, விண்ணப்பம் திரும்பி வருவது எதனால் என்பதைக் கவனிப்போம். முதற் காரணம் பெயர். நம்மவரின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரெழுத்து கூடும், ஓரெழுத்து குறையும். தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு தாளில் இருக்கும், மற்றொரு தாளில் இராது. அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் நிதியின் ஏட்டில் வேறுவிதமாகவும் இருப்பின், இருவரும் ஒருவரே என்பதை நாட்ட வேண்டிவரும். இரண்டாவது அடையாள அட்டை இலக்கம். பழைய ஒன்பது இலக்க எண்ணைக் கொண்ட அட்டையைக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையைப் பெற்றவர், நிதியின் ஏட்டிற் பழையதே இருக்கின்றதா என அறிந்து திருத்திக்கொள்ளல் நன்று. மூன்றாவது, பல அங்கத்தவர் இலக்கங்கள். ஒவ்வொரு தொழில்கொள்வோரிடமும் ஒருவர்க்கு ஒவ்வோர் இலக்கம் கிடைக்கின்றது. இளமையில் இரண்டு மூன்று இடங்களில் வேலை பார்த்தவர், முதற் கம்பனியின் பணத்தை மறந்தே போயிருப்பர். அக்கணக்குகளை ஒன்றாய் இணைக்குமாறு இளைப்பாறுவதற்கு ஓராண்டுக்கு முன்னரே கேட்டுக்கொண்டால், இறுதியில் ஒரே விண்ணப்பம் போதும்.

நான்காவது காரணம் கசப்பானது: சம்பளத்திற் கழித்த பணம் நிதிக்குச் செல்லாமை. இதனைக் கண்டறிய ஒரே வழி, மத்திய வங்கியிலிருந்து வரும் கணக்குக் கூற்றைச் சம்பளத் தாள்களோடு மாதம் மாதமாக ஒத்துப்பார்த்தல். கூற்றைக் கம்பனி மூலம் பெற்று, மேசை இழுப்பறையில் இட்டுவிடுவோர் பலர். அவ்வாறு விடுபட்ட மாதம் காணப்படின், சம்பளத் தாளைச் சான்றாகக் காட்டித் தொழிற் கந்தோரில் முறையிடலாம். கட்டாத பணத்துக்கும் மேலதிகக் கட்டணம் உண்டு. பத்து நாட் தாமதத்துக்கு 5 சதவீதத்தில் தொடங்கி, ஓராண்டுக்கு மேற்பட்டாற் பாதியளவாகிய 50 சதவீதம் வரை அது உயரும். கம்பனி நடந்துகொண்டிருக்கும்போது இதனை அறவிடல் எளிது. கம்பனி மூடப்பட்ட பின்னர்ச் சட்டம் இருந்தும் பிடிப்பதற்கு ஆள் இல்லை. பழைய சம்பளத் தாள்களைக் கறையானுக்குக் கொடாமற் காப்பதன் பயன் அன்றுதான் தெரியும்.

எதிர்பார்த்த தொகை குறைந்து வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது எவருடைய பிழையுமன்று. வீடு கட்டுவதற்காக நிதியின் மீதியை ஈடுகாட்டி வங்கியிற் கடன் எடுத்தவர்க்கு, கட்டி முடியாத கடன் முதலிற் கழிக்கப்படும். வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ மீதியில் 30 சதவீதம் வரை முன்னரே பெறும் வசதியைப் பயன்படுத்தியவர்க்கும் எஞ்சியதே மிச்சம். பத்தாண்டுக்கு முன் ஒப்பமிட்டதை மறந்து, வங்கியோடு சண்டைக்குச் சென்றவரும் உளர்.

எனவே சேமலாப நிதிக்கு எத்தனை நாள் என்று கேட்பார்க்கு நாம் கூறுவது இது. தாள்கள் யாவும் ஒத்திருப்பின், இளைப்பாறிய நாளிலிருந்து மூன்று மாதம் என எண்ணிக் குடும்பச் செலவை அமைத்துக்கொள்க. முந்தி வந்தால் மகிழ்க. பெயரோ இலக்கமோ திருத்த வேண்டியிருப்பின் ஆறு மாதம் வரை செல்லலாம். விடுபட்ட பணத்தை அறவிட வேண்டுமாயின் காலத்தைக் குறித்துச் சொல்லல் இயலாது. அந்நிலையில், ஏலவே நிதியிற் கிடக்கும் மீதியை முதலிற் பெற்றுக்கொண்டு, விடுபட்டதைத் தனியே தொடருதல் வேண்டும். மகளின் திருமணத்துக்கு மண்டபமும் நாளும் குறித்துவிட்டு, இந்தப் பணத்தை நம்பி அச்சாரம் கொடுத்தல் ஆகாது. இளைப்பாறிய முதல் மூன்று மாதத்துக்குரிய செலவைக் கையிற் சேர்த்துவைத்தவரே மன அமைதியோடு படிவங்களை நிரப்புகின்றார்.

சேமலாப நிதியோடு பெயரளவில் மயங்குவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. இது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இதற்கு ஊழியர் எதுவும் கட்டுவதில்லை. தொழில்கொள்வோரே சம்பளத்தில் 3 சதவீதம் கட்டுகின்றார். நம் கணக்கர்க்கு அது மாதம் 2,700 ரூபா. இதனை ஆள்வது வேறொரு சபை, விண்ணப்பமும் வேறு. ‘கே’ படிவம் கொடுத்துவிட்டமையால் இதுவும் தானே வந்துசேரும் எனக் காத்திருந்து, ஆண்டுகள் கழிந்த பின் விசாரிப்போர் உளர். சம்பளத்திற் கழிக்கப்படாத பணமாதலின் சம்பளத் தாளில் அது கண்ணிற் படுவதில்லை. கண்ணிற் படாதது கருத்திலும் நில்லாது போகின்றது. கம்பனியில் மற்றைப் படிவங்களுக்கு அத்தாட்சி பெறும் அதே நாளில் இந்தப் படிவத்துக்கும் கையொப்பம் பெற்று, தனியே அச்சபைக்கு அனுப்புதல் வேண்டும்.